அழைப்புக் கடிதத்தில் எழுதுவதெல்லாம் நம் பொறுப்பு

(அறக்கட்டளை அரங்கில் சிறு தோல் வியாபாரிகளுக்காக அஸர் தொழுகைக்குப் பின் நடந்த வழிகாட்டல் அமர்வில், செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இந்த ஆண்டில் மட்டும் மூன்று பேர் என்னைத் தேடி அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மூவருக்கும் தேவை ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து வியாபாரக் கூட்டாளி ஒருவர் இங்கே வர விரும்புகிறார், விசாவுக்காக அழைப்புக் கடிதம் கேட்கிறார். “அறக்கட்டளையின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் அடித்துக் கொடுங்கள், செயலாளர் பாய். உங்கள் கையெழுத்து இருந்தால் மதிப்பாக இருக்கும்” என்றார்கள்.

மூவருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். மனவருத்தம் இருந்திருக்கலாம். வருபவர் தோல் வாங்க வருகிறார். அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்வது உங்கள் நிறுவனம். அப்படியிருக்க, கல்வி உதவியும் மருத்துவ உதவியும் செய்கிற ஓர் அறக்கட்டளை அவரை ஏன் அழைக்கிறது என்று விசா அதிகாரி கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. யாருடைய வியாபாரமோ அவருடைய நிறுவனத்தின் லெட்டர்பேடில்தான் கடிதம் போக வேண்டும். கையெழுத்துப் போடுபவர் அந்த நிறுவனத்தின் உரிமையாளராகவோ பங்குதாரராகவோ இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவது எங்கள் கடமை. அதற்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலில் நம் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். நம் சகோதரர் ஒருவர் செருப்புக்கு உள்ளே வைக்கிற லைனிங் தோல் விற்று வந்தார். வெளிநாட்டில் அவருக்கு ஒரு நல்ல வாடிக்கையாளர் இருந்தார். இரண்டு ஆண்டுகள் வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் நடந்தது. மூன்றாம் ஆண்டு, “நேரில் வந்து பார்க்கிறேன், அழைப்புக் கடிதம் அனுப்புங்கள்” என்றார் வாடிக்கையாளர். நம் சகோதரர் யாரிடமோ இருந்த பழைய கடிதம் ஒன்றை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார். அதில் ஒரு வரி இருந்தது. பயணம், தங்குமிடம், உணவு, மருத்துவம் உட்பட எல்லாச் செலவுகளையும் நாங்களே ஏற்கிறோம் என்பது அதன் பொருள். அப்படி எழுதினால் விசா சுலபமாகக் கிடைக்கும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். விருந்தாளியைப் பற்றி அப்படி எழுதுவது மரியாதை என்றும் அவர் நினைத்தார்.

வந்தவருக்கு மூன்றாம் நாள் இரவு நெஞ்சு வலி. தனியார் மருத்துவமனையில் சேர்த்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். பில் நான்கு லட்சத்தைத் தாண்டியது. அவருடைய நிறுவனத்தைக் கேட்டபோது, “மருத்துவச் செலவு உங்களுடையது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் பயணக் காப்பீடு எடுக்காமல் அனுப்பினோம்” என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறு இல்லை. நம் சகோதரர் பொய் சொல்லும் எண்ணத்தில் எழுதவில்லை. படிக்காமல் எழுதினார், அவ்வளவுதான். கடைசியில் பேசிப் பேசி ஆளுக்குப் பாதி என்று முடித்தோம். ஆனால் ஒரு வருடத்துக்குள் ஆர்டர் நின்றுபோனது. பணமும் போய், உறவும் போனது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி சூரா அல்பகராவின் 282-ஆவது வசனம் விரிவாகப் பேசுகிறது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான் என்பதை மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகள் அறிவார்கள். கடன் பத்திரத்துக்கு அந்த வசனத்தை நினைக்கிற நாம், அழைப்புக் கடிதத்தை வெறும் சம்பிரதாயமாக நினைத்துவிடுகிறோம். அதுவும் நம் கையெழுத்தோடு ஓர் அதிகாரியிடம் போகிற சாட்சிதான். யார், எதற்காக, எந்தத் தேதிகளில், யார் செலவில் வருகிறார் என்பதற்கு நாம் சாட்சி சொல்கிறோம். நடக்கப்போவதை மட்டும் எழுதினால் சாட்சி சரியாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். வாணியம்பாடியில் ஆட்டுத்தோல் பதனிட்டு விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களிடம் லைனிங் தோல் வாங்குபவர் இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்தில் செருப்புத் தொழிற்சாலை வைத்திருக்கிறார். அவர் வந்து தோலைப் பார்க்க வேண்டும், அடுத்த ஆர்டருக்கு விலை பேச வேண்டும்.

இந்தோனேசியர்கள் இந்திய விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கான அரசுத் தளம் indianvisaonline.gov.in ஒன்றுதான். தேடினால் அதைப் போலவே தோற்றமளிக்கிற தனியார் தளங்களும் வரும், அவற்றில் கூடுதலாகப் பணம் பிடுங்குவார்கள். ஆகவே முகவரியை நீங்களே தட்டச்சு செய்து கூட்டாளிக்கு அனுப்புங்கள். அங்கே சுற்றுலா, மருத்துவம் என்று பல வகைகள் உண்டு. நம் ஆள் எடுக்க வேண்டியது இ-பிசினஸ் விசா. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், புகைப்படம் ஆகியவற்றோடு அவருடைய விசிட்டிங் கார்டும் நம்முடைய அழைப்புக் கடிதமும் சேர வேண்டும். எல்லா நாட்டினருக்கும் இந்த வசதி கிடையாது. பட்டியலில் இல்லாத நாட்டினர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் கடிதத்தின் உள்ளடக்கம் ஒன்றே.

கடிதத்தில் முதலில் வருவது பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எழுத வேண்டும். இந்தோனேசியர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர்தான் இருக்கும், தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருக்காது. நாமாக எதையும் சேர்க்கக் கூடாது. ஹஜ் செய்தவர்கள் அங்கே விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன் ‘ஹாஜி’ என்பதன் சுருக்கத்தைப் போட்டுக்கொள்வார்கள். நாமும் அன்பாக ‘ஹாஜி’ என்று எழுதிவிடுவோம். பாஸ்போர்ட்டில் அது இருக்காது. கார்டில் ஒன்று, கடிதத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். ஆகவே பாஸ்போர்ட்டின் நகலை முதலில் வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்து எழுதுங்கள். பாஸ்போர்ட் எண்ணையும் சேருங்கள். இந்தியாவுக்கு வரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், அதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நோக்கம். பெரும்பாலான கடிதங்கள் தவறுகிற இடம் இது. ‘வியாபாரப் பேச்சுவார்த்தைக்காக’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். எந்த வியாபாரம், எந்தச் சரக்கு, எந்த இடத்தில் என்று ஒன்றும் தெரியாது. சிலர் இன்னொரு பக்கம் போய், தொழிற்சாலை பார்ப்பது, தாஜ்மஹால் பார்ப்பது, உறவினர் நிக்காஹ், தொழிலாளர்களுக்குப் பயிற்சி என்று எல்லாவற்றையும் அடுக்குவார்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் இங்கே வந்து தரத்தைச் சோதிப்பது, தனக்கு வேண்டிய அளவையும் தன்மையையும் சொல்வது, ஆர்டர் கொடுப்பது, மேற்கொண்டு சரக்குக்கு விலை பேசுவது, இவையெல்லாம் பிசினஸ் விசாவில் தாராளமாக இடம் உள்ள வேலைகள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்த ஆட்டுத்தோல் லைனிங் சரக்கின் தரத்தைப் பார்ப்பது, அடுத்த ஆறு மாதச் சரக்குக்குத் தடிமன், நிறம், விலை முடிவு செய்வது, இவ்வளவுதான் நம் எடுத்துக்காட்டில் நோக்கம். எந்தெந்த இடத்துக்குப் போவார் என்பதையும் எழுதுங்கள். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் மாதிரி சோதிப்பது பற்றிப் பேச வேண்டும் என்றால், அங்கே முன்கூட்டியே நேரம் வாங்கிவிட்டு அதன் பிறகு கடிதத்தில் எழுதுங்கள். நேரம் வாங்காமல் பெயரை மட்டும் சேர்த்தால், அதுவும் நடக்காத ஒன்றுக்குச் சாட்சி சொன்னதாகிவிடும்.

தொழிலாளர்களுக்குப் பயிற்சி தருவார், ஒரு மாதம் இருந்து உற்பத்தியைக் கவனிப்பார், அதற்கு நாம் பணம் தருவோம் என்று இருந்தால், அது வேலை. அதற்கு பிசினஸ் விசா பொருந்தாது. அப்படி ஒரு தேவை உண்மையாகவே இருந்தால் அதற்குரிய விசாவை விசாரித்து எடுக்க வேண்டும். இல்லாத பட்சத்தில் ‘பயிற்சி’ என்ற சொல்லை அழகுக்காகக் கூடச் சேர்க்காதீர்கள்.

நம் சமுதாயத்துக்கென்று இங்கே இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருபவரும் முஸ்லிம், அதுவும் மார்க்கம் படித்தவர் என்றால், ஜும்ஆவுக்குப் பிறகு “ஐந்து நிமிடம் பயான் செய்யுங்கள்” என்று நம்மவர்கள் மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் பள்ளிக்கு வந்து தொழலாம், பயானைக் கேட்கலாம், தடையில்லை. ஆனால் தப்லீக் பணியோ பிரசாரமோ செய்வது வியாபார விசாவிலும் சுற்றுலா விசாவிலும் அனுமதிக்கப்பட்டதல்ல. 2020-இல் டெல்லி மர்கஸுக்கு வந்திருந்த வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலர் விசா விதியை மீறியதாக வழக்குகளைச் சந்தித்ததும், அவர்களில் பலரின் பெயர் கறுப்புப் பட்டியலில் சேர்ந்ததும் நமக்கு நினைவிருக்கும். நம் விருந்தாளி அடுத்த முறை இந்தியாவுக்கு வர முடியாமல் போக நாம் காரணமாகக் கூடாது. முதவல்லிமார்களும் ஹஜ்ரத்மார்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நம் மத்ரஸாவைப் பார்த்து மனம் நெகிழ்ந்து அவர் பையிலிருந்து பணம் எடுத்து நீட்டுவார். நல்ல மனசு. ஆனால் வெளிநாட்டவர் தருகிற நன்கொடை, ரூபாயாகவே தந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புகள் மட்டும், அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அதற்கென்றே வைத்துள்ள கணக்கு வழியாக மட்டும், அதை வாங்கலாம். இவை இல்லாத மத்ரஸா அதை வாங்கினால் சிக்கல் மத்ரஸாவுக்குத்தான். “ஜஸாகல்லாஹ், உங்கள் துஆ போதும்” என்று சொல்லிவிடுங்கள்.

இனி தேதிகள். சுரபாயாக்காரர் ஜனவரி 12 முதல் 17 வரை வருகிறேன் என்கிறார். அவருக்குப் பொங்கல் தெரியாது. 2026-இல் ஜனவரி 15 பொங்கல். அந்த வாரத்தில் டேனரியில் ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், வங்கியும் அலுவலகங்களும் பல நாள் மூடியிருக்கும். பிப்ரவரியில் பார்க்கலாம் என்றால் பதினெட்டு, பத்தொன்பது தேதிவாக்கில் ரமலான் பிறை. ஆகவே ஜனவரி 19 திங்கள் முதல் 24 சனி வரை என்று நாம்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். வெறும் தேதியைத் தந்து அனுப்பினால், பிறகு டிக்கெட்டை மாற்றுவார். கடிதத்தில் ஒரு தேதியும் டிக்கெட்டில் ஒரு தேதியும் நிற்கும்.

தேதி எழுதும்போது மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 05/01 என்றால் நமக்கு ஜனவரி ஐந்து, சில நாட்டினருக்கு மே ஒன்று. இ-பிசினஸ் விசா ஓராண்டு செல்லும், அதற்குள் பலமுறை வரலாம் என்பதால், “ஆறு மாதம் தங்கிக்கொள்ளட்டும்” என்று சிலர் கடிதத்தில் நீளமாக எழுதுகிறார்கள். விசாவின் காலம் வேறு, இந்தப் பயணத்தின் காலம் வேறு. தரம் பார்த்து விலை பேச ஆறு நாள் போதும் என்றால் ஆறு நாள் என்றே எழுதுங்கள். விலை பேச ஆறு மாதம் எதற்கு என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அடுத்த முறை வேறு காரியத்துக்கு வருகிறார் என்றால், அப்போதைய நோக்கமும் தேதியும் போட்டுப் புதுக் கடிதம் கொடுங்கள்.

விண்ணப்பத்தை வருகைக்குக் குறைந்தது நான்கு நாள் முன்பாவது போட வேண்டும் என்பது விதி. அந்த நான்கு நாளை நம்பி இருக்காதீர்கள். புகைப்படம் தெளிவில்லை, கடிதம் திறக்கவில்லை என்று திரும்பக் கேட்டால் நேரம் போய்விடும். பயணத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே கடிதம் போய்விடுவது நல்லது.

இப்போது செலவு. நான் முதலில் சொன்ன சகோதரர் விழுந்த இடம் இதுதான். விருந்தாளிக்கு மூன்று நாள் உபசரிப்பு என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம். அதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் மனதில் இருக்கிற விருந்தோம்பல் வேறு, கடிதத்தில் இருக்கிற பொறுப்பு வேறு. ‘எல்லாச் செலவும்’ என்ற சொல்லுக்குள் விமான டிக்கெட், விடுதி, மருத்துவமனை, திரும்பிப் போவதற்கான செலவு எல்லாம் அடங்கும். ஆகவே ஒரு தாளில் செலவுகளைத் தனித்தனியாக எழுதி, எது யாருடையது என்று கூட்டாளியோடு முன்பே பேசி முடியுங்கள். பணம் பற்றிப் பேசினால் நட்பு கெடும் என்று நினைக்கிறோம். பேசாமல் விட்டதால்தான் கெட்டது.

நம் எடுத்துக்காட்டில் இப்படி முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சுரபாயாவிலிருந்து சென்னைக்கு வந்து திரும்பும் விமான டிக்கெட், விசா கட்டணம், பயணக் காப்பீடு, சென்னையில் இரண்டு இரவு விடுதி, இவை அவருடைய நிறுவனத்தின் செலவு. சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ள வாணியம்பாடிக்குக் காரில் போய் வருவது, வாணியம்பாடியில் மூன்று இரவு நம் வீட்டில் தங்குவது, இங்கே இருக்கும் நாட்களில் சாப்பாடு, இவை நம் செலவு. மருத்துவச் செலவு ஏதும் வந்தால் அது அவருடைய காப்பீட்டைச் சேரும். இங்கே அவருக்குச் சம்பளமோ கட்டணமோ நாம் தருவதில்லை. இந்தக் கடைசி வாக்கியம் சிறியதுதான், ஆனால் அவர் இங்கே வேலை பார்க்க வரவில்லை என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

அவருடைய நிறுவனமும், இவர் எங்கள் சார்பில் போகிறார், இன்ன செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று ஒரு கடிதம் தருவது வழக்கம். அந்தக் கடிதத்தை அனுப்பச் சொல்லி வாங்கி, நம் கடிதத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விடுதி எங்கள் செலவு என்று நாமும் எழுதி, எங்கள் செலவு என்று அவர்களும் எழுதினால், படிப்பவர் இரண்டையுமே நம்ப மாட்டார். இரண்டு கடிதமும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். நாம் ஏற்றுக்கொண்ட கார் வாடகை, சாப்பாடு ஆகியவற்றின் பில்களை வாங்கி நிறுவனக் கணக்கில் வையுங்கள். நாளை கணக்குப் பார்ப்பவர் கேட்டால், கடிதத்தின் நகலோடு அவற்றைக் காட்டலாம்.

நம் வீட்டில் தங்கவைக்கிறோம் என்று எழுதும்போது கூடவே ஒரு கடமையும் வருகிறது. வெளிநாட்டவர் ஒருவர் விடுதியில் தங்கினால் விடுதிக்காரர் அரசுக்குத் தெரிவிப்பார். வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர்தான் தெரிவிக்க வேண்டும். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் indianfrro.gov.in தளத்தில், பாஸ்போர்ட், விசா விவரங்களோடு பதிய வேண்டும். ‘சி படிவம்’ என்று அதைச் சொல்லி வருகிறோம். அதற்கு முதலில் நம் வீட்டு முகவரியோடு ஒரு கணக்கு தொடங்க வேண்டும் என்பதால், விருந்தாளி வருவதற்குச் சில நாள் முன்பே அந்த வேலையை முடித்து வையுங்கள். “நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளிதானே, யாரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்” என்று விட்டுவிடாதீர்கள். இது சிரமமாகத் தோன்றினால் அவரை விடுதியில் தங்கவைத்து, சாப்பாட்டை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் குறை ஒன்றும் இல்லை. எதை முடிவு செய்கிறீர்களோ அதையே கடிதத்தில் எழுதுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் கடிதம் எப்படி வரும் என்று வாசிக்கிறேன். ஆங்கிலத்தில்தான் அது போகும். பொருளைத் தமிழில் தருகிறேன், இதைப் பார்த்துப் பிள்ளைகள் யாராவது ஆங்கிலத்தில் அடித்துத் தருவார்கள். மேலே நிறுவனத்தின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண் இருக்கும்.

“தேதி: 2025 நவம்பர் 24.

பெறுநர்: (பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர்), (பதவி), (நிறுவனம்), சுரபாயா, இந்தோனேசியா. பாஸ்போர்ட் எண்: (எண்).

பொருள்: 2026 ஜனவரி 19 முதல் 24 வரை வணிகப் பயணத்துக்கு அழைப்பு.

ஐயா, நாங்கள் வாணியம்பாடியில் ஆட்டுத்தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்கிறோம். 2023 முதல் தங்கள் நிறுவனத்துக்கு லைனிங் தோல் அனுப்பி வருகிறோம். நடப்பு ஆர்டரின் தரத்தைப் பார்வையிடவும், அடுத்த ஆறு மாதச் சரக்கின் தடிமன், நிறம், விலை ஆகியவற்றை முடிவு செய்யவும் தங்களை அழைக்கிறோம்.

ஜனவரி 19 சென்னை வருகை. 20 காலை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், மாலை வாணியம்பாடி. 21, 22 எங்கள் தொழிற்கூடத்தில் பார்வையும் பேச்சுவார்த்தையும். 23 மாலை சென்னை திரும்புதல். 24 புறப்பாடு.

விமானப் பயணம், விசா கட்டணம், மருத்துவச் செலவுக்கும் சேர்த்த பயணக் காப்பீடு, 19, 23 ஆகிய இரண்டு இரவுகளுக்குச் சென்னை விடுதி ஆகியவை தங்கள் நிறுவனத்தின் செலவு. சென்னை, வாணியம்பாடி இடையே கார், 20, 21, 22 ஆகிய மூன்று இரவுகள் எங்கள் இல்லத்தில் தங்குவது, உணவு ஆகியவை எங்கள் செலவு. இந்தப் பயணத்துக்காக எங்களிடமிருந்து தங்களுக்குச் சம்பளமோ கட்டணமோ கிடையாது.

இப்படிக்கு, (பெயர், பங்குதாரர், கையெழுத்து, முத்திரை, கைபேசி எண்).”

ஒரு பக்கம்தான். இதற்கு மேல் புகழ்ச்சி வேண்டாம், விசா கொடுங்கள் என்று கெஞ்சலும் வேண்டாம். 2023 முதல் வியாபாரம் என்று எழுதியிருந்தால், அந்த ஆண்டின் இன்வாய்ஸ் ஒன்று கையில் இருக்க வேண்டும். முதல்முறை வியாபாரம் என்றால் முதல்முறை என்றே எழுதுங்கள், அதில் தவறில்லை.

கடைசியில் உள்ள கைபேசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அவரிடம், எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், யார் செலவு என்று கேட்கலாம். சந்தேகம் வந்தால் அந்த எண்ணுக்கே அழைக்கலாம். அது நள்ளிரவாகக்கூட இருக்கும். கையெழுத்துப் போட்டவர் போனை எடுத்து, கடிதத்தில் உள்ளதையே சொல்ல வேண்டும். அலுவலகத்துத் தம்பி எடுத்து, “யாருங்க, எனக்குத் தெரியாதே” என்றால் பாவம் அவர் அங்கே நிற்க வேண்டியதாகிவிடும். விமானம் இறங்கும் இரவில் போன் திறந்திருக்கட்டும். விருந்தாளியிடமும் கடிதத்தின் நகலையும் விசா அனுமதித் தாளையும் கைப்பையில் அச்சாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டால் குடியேற்றப் பிரிவில் எடுக்க முடியாது.

சகோதரர்களே, கடிதத்தை எழுதி முடித்த பிறகு, அனுப்பும் முன் மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நோக்கத்துக்குத்தான் வருகிறாரா? இந்தத் தேதிகளில்தான் வருகிறாரா? இந்தச் செலவை நான் உண்மையிலேயே கொடுப்பேனா? மூன்றுக்கும் ஆம் என்று மனம் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றால் அந்த வரியை மாற்றுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் அலுவலகத்தில் இருப்பேன். உங்கள் கடிதத்தை எடுத்து வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம். எங்கள் லெட்டர்பேடு மட்டும் கேட்காதீர்கள்.

நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.